மூன்று வருடம் கட்டிய பிறகும் 243 தவணை பாக்கி

கேள்வி: சார், 30 லட்சம் வீட்டுக் கடன், 8.5 சதவீதம், 20 வருடம், மாதத் தவணை 26,035. முப்பத்தேழு தவணை ஒன்றுகூடத் தவறாமல் கட்டியாயிற்று. ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தால் அசல் இரண்டு லட்சம்கூடக் குறையவில்லை. அதுகூடப் போகட்டும், போன மாதம் அசலுக்கு 6,126 போனது, இந்த மாதம் 3,832தான் போயிருக்கிறது. தவணைத் தொகை மாறவே இல்லை. வங்கியில் கேட்டால் "சிஸ்டம் போடுற கணக்கு, சரியாத்தான் இருக்கும்" என்கிறார்கள். எங்கள் பணம் எங்கே போகிறது என்று நாங்களே ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: வழி இருக்கிறது, கால்குலேட்டர் ஒன்று போதும். நீங்கள் அனுப்பிய பக்கங்களை வரி வரியாகப் போட்டுப் பார்த்தேன். கணக்கில் தப்பு இல்லை. ஆனால் உங்கள் கடனில் பெரிய மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது, அதை யாரும் உங்களை உட்கார வைத்துச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வருத்தம். அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் ஒரு வரியை எப்படிப் படிப்பது என்று பார்த்துவிடலாம்.

உங்களிடம் இரண்டு காகிதங்கள் இருக்கும். ஒன்று, கடன் வாங்கிய அன்று கொடுத்த தவணை அட்டவணை. 240 வரியும் வரிசையாக அச்சாகி, கடைசி வரியில் பாக்கி பூஜ்யம் என்று முடிந்திருக்கும். அது அன்றைய வட்டி கடைசிவரை மாறாது என்று வைத்துக்கொண்டு போட்ட ஒரு கணிப்பு. இன்னொன்று கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட், அதாவது உண்மையில் நடந்தது. நிறைய பேர் அட்டவணையைத்தான் ஃபைலில் பத்திரமாக வைத்துக்கொண்டு, கடன் அதன்படியே போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வட்டி ஒரு முறை மாறினால்கூட அந்த அட்டவணை செல்லாது. இனி ஸ்டேட்மென்ட்டை மட்டும் கையில் எடுங்கள்.

அதில் ஒவ்வொரு மாதமும் இரண்டு பதிவுகள் இருக்கும். வட்டி என்று ஒரு தொகை பற்றில் ஏறும், அதாவது உங்கள் கடன் அந்த அளவு கூடுகிறது. நீங்கள் கட்டிய 26,035 வரவில் வரும், கடன் அந்த அளவு குறைகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அசலில் குறைந்தது. சில வங்கிகள் இதையே ஒரே வரியில் தவணை, வட்டி, அசல், நிலுவை என்று பிரித்துப் போட்டுவிடும், உங்களுடையது அந்த வகை. எந்த வகையாக இருந்தாலும் வட்டி எங்கிருந்து வருகிறது என்பது ஒன்றுதான்: போன வரியின் நிலுவையை எடுத்து, ஆண்டு வட்டியால் பெருக்கி, 12-ஆல் வகுத்தால் இந்த மாத வட்டி.

முதல் மாதத்தையே எடுங்கள். 30 லட்சத்துக்கு 8.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 2,55,000. பன்னிரண்டால் வகுத்தால் 21,250. நீங்கள் கட்டியது 26,035, வட்டி போக மிச்சம் 4,785, அதுதான் அசலுக்குப் போனது. நிலுவை 29,95,215 ஆகிறது. அடுத்த மாத வட்டி இந்த நிலுவைக்குத்தான், 21,216. அசலுக்கு 4,819. முதல் மாதத்தைவிட 34 ரூபாய் கூட. அந்த 34 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், முதல் மாதம் அடைத்த 4,785-க்கு இனிமேல் வட்டி கிடையாது அல்லவா, அதன் ஒரு மாத வட்டிதான் அது. இப்படி மாதாமாதம் வட்டி கொஞ்சம் இறங்கும், இறங்கியது அப்படியே அசல் பக்கம் ஏறும்.

"வங்கிக்காரர்கள் முதல் பத்து வருடம் வட்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அப்படி யாரும் பிரித்து வைப்பதில்லை. பாக்கி அதிகமாக இருக்கும்போது அந்த மாதத்து வட்டி அதிகம், அவ்வளவுதான். அதே வட்டிக்கு, அதே தவணைக்கு, சொந்தக்காரரிடம் வாங்கியிருந்தாலும் இதே பிரிவுதான் வரும். முதல் 36 தவணையில் நீங்கள் கட்டியது 9,37,260, அதில் ஏறக்குறைய 7,41,800 வட்டிக்குப் போய், 1,95,400 மட்டும் அசலில் குறைந்திருக்கிறது. 37-வதையும் சேர்த்தால்கூட இரண்டு லட்சத்துக்கு ஒரு எழுநூறு ரூபாய் குறைவு. பார்க்க மனசு கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் 8.5 சதவீதத்தில் 20 வருடக் கடன் என்றால் கணக்கு இப்படித்தான் நடக்கும். வட்டி மாறாமலே இருந்திருந்தால் 143-வது தவணையில்தான் அசல் பங்கு வட்டிப் பங்கைத் தாண்டியிருக்கும், அதாவது கிட்டத்தட்ட 12 வருடம் கழித்து.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரு தவணை எப்படிப் பிரிகிறது என்பது நீங்கள் எத்தனை வருடம் கட்டி முடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது இல்லை, இன்னும் எத்தனை தவணை பாக்கி என்பதைப் பொறுத்தது. 8.5 சதவீதத்தில் கடைசி 98 தவணைகளில் எப்போதும் அசல்தான் அதிகம். அதே வட்டியில் எட்டு வருடக் கடனாக வாங்கியிருந்தால் முதல் தவணையிலேயே அசல் பாதிக்கு மேல் இருந்திருக்கும், தவணைத் தொகைதான் தாங்காது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அசல் பங்கு திடீரென்று குறைந்தால் அதற்கு அர்த்தம், பாக்கித் தவணைகள் கூடிவிட்டன என்பது. உங்களுக்கு நடந்தது அதுதான்.

36-வது வரியைப் பாருங்கள். அதற்கு முந்தைய நிலுவை 28,10,694, வட்டி 19,909. வட்டியை 12-ஆல் பெருக்கி, நிலுவையால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 8.5 வருகிறது. இப்போது 37-வது வரி. முந்தைய நிலுவை 28,04,568, வட்டி 22,203. அதே கணக்கைப் போடுங்கள்: 22,203-ஐ 12-ஆல் பெருக்கினால் 2,66,436, அதை 28,04,568-ஆல் வகுத்தால் 0.095. ஒன்பதரை சதவீதம்! உங்கள் வட்டி ஒரு சதவீதம் ஏறியிருக்கிறது. உங்கள் கடன் மாறும் வட்டிக் கடன், ஒப்பந்தத்தில் அது இருக்கும். வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டினால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும், அதனால் பெரும்பாலும் தவணையைத் தொடாமல் கடன் காலத்தை நீட்டிவிடுவார்கள். ஒரு எஸ்.எம்.எஸ். வந்திருக்கும், இல்லை இமெயில் வந்திருக்கும், கண்ணில் படாமல் போயிருக்கும். ஸ்டேட்மென்ட்டில் பெரும்பாலும் வட்டி விகிதம் என்று தனியாக ஒரு பத்தியே இருக்காது. ஆனால் இந்த ஒரு பெருக்கல், ஒரு வகுத்தலில் எந்த மாதத்து விகிதத்தையும் வெளியே எடுத்துவிடலாம். நான் கடன் பிரிவில் வேலை பார்த்த வருடங்களில் வாடிக்கையாளர் ஸ்டேட்மென்ட்டை நீட்டினால் முதலில் போடுவது இதைத்தான்.

சரி, ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். எத்தனை தவணை பாக்கி என்று இப்போது பார்ப்போம். இதற்கு மட்டும் கால்குலேட்டர் போதாது, கணினியிலோ போனிலோ விரிதாள் செயலி எதையாவது திறந்து ஒரு கட்டத்தில் இதைத் தட்டுங்கள்:

```
=NPER(9.5%/12,-26035,2804568)
```

முதலில் இருப்பது மாத வட்டி, நடுவில் தவணை (அது உங்கள் கையை விட்டுப் போகும் பணம் என்பதால் கழித்தல் குறி), கடைசியில் 36-வது வரியின் நிலுவை. விடை 242.98, அதாவது 243 தவணை. பழைய வட்டியே இருந்திருந்தால் அந்த இடத்தில் 204 இருந்திருக்கும். 36 தவணை கட்டி முடித்த அன்று, கடன் வாங்கிய அன்று இருந்ததைவிட மூன்று தவணை அதிகமாகப் பாக்கி. மூன்று வருடத்தில் நீங்கள் நடந்து வந்த தூரம் முழுக்க ஒரே வரியில் போய்விட்டது. அசல் பங்கு 6,126-லிருந்து 3,832-க்கு விழுந்ததன் பொருள் இதுதான். அந்த மாதம் வட்டியில் கூடிய இரண்டாயிரத்துச் சொச்சத்தைப் பார்த்துவிட்டு ஆறுதல் அடையாதீர்கள், பின்னால் முளைத்திருக்கும் 39 தவணைகளைப் பாருங்கள்.

இதை இப்படியே விட்டுவிட வேண்டியதில்லை. காலத்தை நீட்டாமல் அதே 204 தவணையில் முடிக்க வேண்டும் என்றால் மாதத் தவணை 27,759 ஆக வேண்டும், இப்போது கட்டுவதைவிட 1,724 கூட. மாதம் 1,724 கூடுதலாகக் கட்டுவதற்கும் 39 மாதம் கூடுதலாகக் கட்டுவதற்கும் மொத்தச் செலவில் வித்தியாசம் சுமார் 6.6 லட்சம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள், 27,759 சமாளிக்க முடிந்தால் நான் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். வங்கியில் போய் "தவணையை உயர்த்தி, காலத்தைப் பழையபடி வையுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். முடியவில்லை என்றால், கையில் சேமிப்பு இருந்தால், சுமார் 1,74,000 மொத்தமாக அசலில் கட்டினாலும் 26,035 தவணையிலேயே 204-க்குள் முடியும். இரண்டும் முடியாத வீடுகளும் உண்டு, அது தவறில்லை, ஆனால் நீட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்து நீட்டிக்கொள்வது வேறு.

நீட்டுவதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. 28,04,568 நிலுவைக்கு மாத வட்டியே 26,035-ஐத் தொட வேண்டும் என்றால் விகிதம் 11.14 சதவீதம் ஆக வேண்டும். அதைத் தாண்டினால் முழுத் தவணையும் வட்டிக்கே பற்றாது, கட்டக் கட்ட நிலுவை ஏறும். ஸ்டேட்மென்ட்டில் அசல் பத்தி பூஜ்யத்தை நெருங்குகிறது என்றாலோ, இந்த மாத நிலுவை போன மாதத்தைவிட அதிகம் என்றாலோ அன்றைக்கே வங்கிக்குப் போங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு விஷயம், 12-ஆல் வகுத்துப் பார்த்து விடை பொருந்தவில்லை என்றால் பதறாதீர்கள். சில வங்கிகள் மாதக் கணக்காக இல்லாமல் நாள் கணக்காக வட்டி போடும். 28 லட்சம் நிலுவை, 9.5 சதவீதம் என்றால் ஒரு நாள் வட்டி சுமார் 729 ரூபாய். 31 நாள் மாதத்தில் வட்டி 22,592, பிப்ரவரியின் 28 நாளுக்கு 20,405. அதே தவணையில் ஒரு மாதம் அசலுக்கு 3,443 போகும், இன்னொரு மாதம் 5,630 போகும். வட்டி விகிதம் மாறியதால் வந்த இறக்கமும் நாள் எண்ணிக்கையால் வந்த ஏற்ற இறக்கமும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். பிரித்தறிய, வட்டியை அந்த மாத நாட்களால் வகுத்து 365-ஆல் பெருக்கி, பிறகு நிலுவையால் வகுத்துப் பாருங்கள். எல்லா மாதமும் ஒரே விகிதம் வந்தால் நாள் கணக்கு, ஒரு மாதத்திலிருந்து மாறிவிட்டால் வட்டி மாறியிருக்கிறது. ஓரிரு ரூபாய் முன்னே பின்னே இருப்பது முழு ரூபாயாக்குவதில் வருவது, அதை விட்டுவிடலாம். நாள் கணக்கு போடும் வங்கியில் தவணை நான்கு நாள் தாமதமானால் அந்த நான்கு நாள் வட்டியும் சேர்ந்துகொள்ளும் என்பதையும் கவனியுங்கள்.

வட்டியும் தவணையும் தவிர வேறு எந்தப் பதிவாவது பற்றில் ஏறியிருக்கிறதா என்றும் ஒரு முறை கண்ணை ஓட்டுங்கள்: தாமதக் கட்டணம், காசோலை திரும்பிய கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம். உங்கள் ஸ்டேட்மென்ட்டில் அப்படி எதுவும் இல்லை. இருந்தால் அது கடனோடு சேர்ந்து, அதற்கும் மாதாமாதம் வட்டி ஓடும், அதனால்தான் சின்னத் தொகை என்று விடக்கூடாது. ஆண்டின் தொடக்க நிலுவையோடு பற்று எல்லாவற்றையும் கூட்டி, வரவு எல்லாவற்றையும் கழித்தால் ஆண்டு இறுதி நிலுவை வர வேண்டும். வராவிட்டால் நடுவில் ஏதோ ஒரு வரி உங்கள் கண்ணில் படாமல் இருக்கிறது.

மொத்தமாகக் கட்டுவதைப் பற்றிச் சொன்னேன், அதில் நானே அனுபவப்பட்ட ஒன்று. என் சொந்த வீட்டுக் கடனில் ஒரு முறை லட்ச ரூபாய் கூடுதலாகக் கட்டினேன். ரசீதும் வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால் நிலுவை வழக்கம்போலவே நகர்ந்திருக்கிறது, வட்டியும் வழக்கம்போலவே. என் லட்சம் அசலில் சேரவில்லை, வரப்போகும் தவணைகளுக்கு முன்பணம் என்று ஓரமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். பணம் அவர்களிடம், வட்டி முழுத் தொகைக்கும் என்னிடம். கட்டிய தேதியிலிருந்து அசலில் வரவு வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்த பிறகு சரிசெய்தார்கள், கூடுதலாகப் பிடித்த வட்டியும் திரும்பி வந்தது. அன்று ஸ்டேட்மென்ட்டைப் பார்க்காமல் ரசீதை மட்டும் நம்பியிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அதனால் நீங்கள் ஒரு ஐம்பதாயிரம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். உங்கள் நிலுவையில், 9.5 சதவீதத்தில், தவணை மாறாமல் இருந்தால் அந்த ஐம்பதாயிரம் கடைசியில் 12 தவணைகளை அறுத்துவிடும், 26,035 வீதம் மூன்று லட்சத்துக்கு மேல். நம்ப முடியாவிட்டால் மேலே கொடுத்த சூத்திரத்தில் நிலுவையை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கட்டும்போது "அசலில் வரவு வைக்கவும், தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கவும்" என்று கடிதம் கொடுத்து ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அடுத்த மாதம் வட்டி வரியைப் பாருங்கள். எதுவும் கூடுதலாகக் கட்டாமல் இருந்தால் 38-வது தவணையில் வட்டி 22,172 இருக்கும். மாதம் தொடங்குவதற்கு முன்பே ஐம்பதாயிரம் அசலில் சேர்ந்திருந்தால் அந்த இடத்தில் 21,777 இருக்க வேண்டும். ஏறக்குறைய 396 ரூபாய் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் முத்திரை வாங்கிய அந்த நகலை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள்.